கிலோவுக்கு 4,460

எதையும் எரித்துப் பார்த்தால்தான் வேதநாயகிக்கு நம்பிக்கை வரும். இருபத்தாறு வருஷமாக அவளுக்குச் சோறு போடுகிற வேலையே அதுதான். அடுகோடியில் ஒரு லேத் பட்டறைக்கும் டயர் கடைக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு நிற்கும் தனியார் சோதனைக்கூடத்தின் மாடியில் அவள் மேசை இருந்தது. கொதிகலன் வைத்திருக்கும் கம்பெனிகளெல்லாம் தாங்கள் வாங்கும் எரிபொருளை அங்கே அனுப்பும். நிலக்கரி, ஃபர்னஸ் ஆயில், முந்திரித்தோடு, கரும்புச்சக்கை, மரத்தூளை அழுத்திச் செய்த பிரிக்கெட் என்று ஊர் டன் கணக்கில் எரிக்கப்போவதை முதலில் ஒரு கிராம் எரித்துப் பார்ப்பவள் அவள்.

எரிக்கிற பாத்திரத்துக்குப் பெயர் பாம். பெயரைக் கேட்டுப் பயப்பட ஒன்றுமில்லை, கெட்டியான எஃகுச் சொம்பு, அவ்வளவுதான். பொருளைப் பொடித்து, ஒரு கிராம் அளவுக்கு மாத்திரையாக அழுத்தி, சின்னக் கிண்ணத்தில் வைத்து, மெல்லிய கம்பியில் பருத்தி நூலைக் கட்டி மாத்திரையைத் தொடவிட வேண்டும். சொம்பை மூடி, வெளிக்காற்றைப்போல் முப்பது மடங்கு அழுத்தத்தில் ஆக்ஸிஜன் ஏற்றி, அளந்த தண்ணீரில் முக்கிவிட்டு, தண்ணீரின் சூடு நிலைக்கும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு ஒரு பொத்தான். உள்ளே எல்லாம் ஒரு நொடியில் சாம்பலாகும். வெளியே தெரிவது தண்ணீர் இரண்டு டிகிரிகூட முழுசாக ஏறாத சூடுதான். அந்த இரண்டு டிகிரிக்குள்தான் அவளுடைய கால் நூற்றாண்டு அடங்கியிருந்தது.

வாரத்துக்கு ஒருமுறை பென்சாயிக் ஆசிட்டை எரித்து இயந்திரத்தைச் சரிபார்ப்பாள். கிராமுக்கு 26.4 கிலோ ஜூல் வந்தே ஆக வேண்டும். அது வந்துவிட்டால் அன்றைக்கு வேறெதை எரித்தாலும் வரும் எண் வேதவாக்கு. கீழ்த்தளத்தில் உணவுப் பிரிவு ஒன்று இருந்தது. பிஸ்கட், மசாலாப்பொடி இவற்றின் பாக்கெட்டில் அச்சிட வேண்டிய கலோரியை அங்கே சொல்லுவார்கள். ஆனால் அவர்கள் எதையும் எரிப்பதில்லை. புரதம் இத்தனை, மாவுச்சத்து இத்தனை, கொழுப்பு இத்தனை என்று பிரித்து, கிராமுக்கு நாலு, நாலு, ஒன்பது என்று பெருக்கிக் கூட்டிவிடுவார்கள். வேதநாயகிக்கு அது அடுக்காது. எரிக்காமல் என்ன கலோரி, ஜோசியமா பார்க்கிறார்கள் என்று முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறாள். அவளுடைய மேலாளர் மஞ்சுநாத் சிரித்துக்கொண்டே, கன்னடம் கலந்த தமிழில், “மேடம், சொல்ப பொறுமையா இருங்க, அவங்களும் நம்ம ஆளுங்கதான்” என்பார்.

பத்து மாதத்துக்கு முன்னால் அவள் கணவர் லாயிட்டுக்குப் பக்கவாதம் வந்தது. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், ஐம்பத்தொன்பது வயது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது, விழுங்கவும் முடியவில்லை. மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய் போட்டு லிங்கராஜபுரத்து வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். அன்றிலிருந்து வேதநாயகியின் நாள் விடியற்காலை ஐந்தரைக்கு ஆரம்பித்தது. அவரைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, முதல் கஞ்சியைச் சிரிஞ்சில் ஊற்றி இறக்கிவிட்டு, பகல்பொழுதுக்கு அவரைப் பார்த்துக்கொள்ளும் எல்லம்மா வந்ததும் வேலைக்கு ஓட வேண்டும். சிவாஜிநகரில் இறங்கி இன்னொரு பஸ். சாயங்காலம் அதே வழியில் திரும்பி வந்து மறுபடியும் துடைப்பது, புரட்டுவது, கஞ்சி. ஞாயிற்றுக்கிழமை சபைக் கோயிலில் பிரசங்கத்தின்போது உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள். பக்கத்தில் இருப்பவர்களும் எழுப்புவதை நிறுத்திவிட்டார்கள். அவளுக்கு அழுகை வருவதில்லை, கோபமும் வருவதில்லை. அதற்கெல்லாம் தெம்பு வேண்டுமே.

முதல் எட்டு மாதம் ஆஸ்பத்திரியில் சொன்ன டப்பா மாவைத்தான் கொடுத்தாள். போகப்போக அது அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வயிறு போய்க்கொண்டே இருந்தது. ஒரு நாளைக்கு நாலு தடவை படுக்கை மாற்றிய களைப்பில், அந்த டப்பாவோடு வந்த துண்டுத்தாளை ஒரு சாயங்காலம் கையில் எடுத்தாள். வழவழப்பான தாளில் வண்ண வண்ணமாகக் கட்டங்கள். குளுக்கோஸ் என்று ஒரு குட்டைக் கட்டம், 2,803. சர்க்கரை அதைப்போல் இரண்டு மடங்கு, 5,640. அவர்கள் மாவில் இருக்கும் கொழுப்பமிலம் கூரையை முட்டிக்கொண்டு, 9,978. மூன்றரை மடங்கு சக்தி என்று கீழே பெரிய எழுத்தில் போட்டிருந்தது. பொடி எழுத்தில், கண்ணாடி போட்டால்தான் தெரிகிற மாதிரி, கிலோ ஜூல், ஒரு மோலுக்கு.

வேதநாயகிக்குப் பல நாள் கழித்து அன்றைக்குத்தான் சிரிப்பு வந்தது. மோல் என்பது எண்ணிக்கைக் கணக்கு. இத்தனை மூலக்கூறு என்று எண்ணி எடுத்து எரித்தால் வரும் சூடு அது. கனமான மூலக்கூறு அதிகச் சூடு தரும் என்பதில் என்ன அதிசயம்? யானையையும் ஆட்டையும் தலைக்கு ஒரே விலை என்று விற்றால் யானைதான் மலிவு. ஒரு மோல் குளுக்கோஸ் 180 கிராம், ஒரு மோல் சர்க்கரை 342. வகுத்துப் பார்த்தால் கிராமுக்கு 15.6, 16.5. இரண்டு மடங்கு என்றது எங்கே போயிற்று? கொழுப்பமிலம் 256 கிராம், கிராமுக்கு 38.9. அது நிஜமாகவே அதிகம்தான், ஆனால் இரண்டரை மடங்கு. மூன்றரை என்றது பித்தலாட்டம். மனுஷன் வயிற்றில் எண்ணியா போடுகிறோம், எடை போட்டுத்தானே போடுகிறோம்.

வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்களிடம் அவள் முதல்நாளே கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. ஹைட்ரஜன் நல்ல எரிபொருளா, சிலிண்டர் கேஸில் இருக்கிற பியூட்டேனா? மோல் கணக்கில் ஹைட்ரஜன் 286, பியூட்டேன் 2,877. பத்தில் ஒரு பங்கு, ஹைட்ரஜன் சொத்தை என்பார்கள். எடைக்கு வகுத்துப் பார் என்பாள். ஹைட்ரஜன் கிராமுக்கு 143, பியூட்டேன் ஐம்பதுகூட இல்லை. தலைகீழாகப் புரண்டுவிடும். இப்படி எத்தனையோ பேரைத் திருத்தியவளிடமா இந்தக் கட்டத்தைக் காட்டுகிறார்கள்? டப்பாவை மூலையில் தூக்கிப் போட்டாள்.

தானே ஒரு மாவு தயார் செய்தாள். ராகியை முளைகட்டி வறுத்தாள், முளைகட்டினால் கஞ்சி கெட்டியாகாமல் குழாயில் இறங்கும். தோலோடு வறுத்த கடலை, கொஞ்சம் வேர்க்கடலை, கொஞ்சம் சர்க்கரை. வயிறு இளகுவதை நிறுத்தக் கோதுமைத் தவிடும் தாராளமாகச் சேர்த்தாள். மில்லில் மைபோல அரைத்து, சலித்து, சல்லடையில் நின்றதை மறுபடியும் அரைத்தாள். ஒரு துளிகூட வீணாக்கவில்லை. வயிறும் மூன்றே நாளில் கட்டுக்குள் வந்தது. வேதநாயகிக்கு அது ஒரு பெரிய வெற்றி.

அடுத்து அவள் செய்ததை இந்த ஊரில் வேறு எந்த மனைவியும் செய்திருக்க மாட்டாள். மாவில் ஒரு பொட்டலம் மடித்து எடுத்துக்கொண்டு அடுகோடிக்குப் போனாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஆள் இல்லாதபோது, மாத்திரையாக அழுத்திப் பாமில் வைத்து எரித்தாள். இரண்டு தடவை. இரண்டும் அட்சரம் பிசகாமல் ஒரே எண். அவர்கள் தொழிலில் எழுதுகிற மாதிரியே எழுதிக்கொண்டாள்: கிலோவுக்கு 4,460 கிலோ கலோரி. லாயிட்டுக்கு ஒரு நாளைக்கு 1,600 கிலோ கலோரி வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். 360 கிராம் போட்டால் கச்சிதம். வேளைக்கு அறுபது கிராமாக ஆறு வேளை.

ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகர் தாரணி, முப்பது வயதுப் பெண், இதைக் கேட்டுவிட்டு என்னென்ன சேர்த்தீர்கள், எவ்வளவு என்று விசாரித்துக் குறித்துக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து ஃபோன் செய்து, தன் அட்டவணைப்படி 1,300 சொச்சம்தான் வருகிறது, கணக்கை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன், பார்க்கிறீர்களா என்றாள். வேதநாயகி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள்.

“உன்னோடது அட்டவணைம்மா. என்னோடது எரிச்சுப் பார்த்தது. எது நிஜம்னு நீயே சொல்லு.”

அதோடு ஃபோனை வைத்துவிட்டாள். தாரணி அனுப்பிய கணக்கை வேதநாயகி திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஒரு மாதத்தில் லாயிட் ஒன்றரைக் கிலோ இளைத்தார். இரண்டாவது மாதம் இன்னொரு ஒன்றரை. ஐம்பத்தெட்டு ஐம்பத்தைந்தாயிற்று. கன்னம் ஒட்டி, தோள்பட்டை எலும்பு துருத்தி, புரட்டும்போது கைக்கு லேசாகத் தெரிந்தார். பிசியோதெரபிக்கு வரும் பெண், உட்காரவைத்தால் ஐந்து நிமிஷத்தில் சாய்ந்துவிடுகிறார் என்றாள். டாக்டர் ரத்தம் எடுத்தார், ஸ்கேன் எடுத்தார், ஒன்றும் அகப்படவில்லை. சாப்பாடு சரியாகப் போகிறதா என்று கேட்டார். வேதநாயகி எண்ணைச் சொன்னாள். இவ்வளவு போயும் இளைக்கிறார் என்றால் சிலருக்கு உடம்பே விட்டுக்கொடுத்துவிடும், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார்.

அவள் தேற்றிக்கொண்டாள். அதுதான் அவளுக்கே பிற்பாடு தாங்க முடியாததாக இருந்தது. அன்றைக்கு என்னவோ நெஞ்சு கனக்கவில்லை, ஒருவகையான ஆறுதல்கூட இருந்தது. இனி அதிக நாள் இல்லை, அவருக்கும் விடுதலை, தனக்கும் கொஞ்சம் தூக்கம். கல்லறைத் தோட்டத்தில் லாயிட்டின் அப்பாவைப் புதைத்த குழியைத் திறந்து இவரையும் வைக்கலாமா, அதற்கு எத்தனை வருஷம் ஆகியிருக்க வேண்டும் என்று சபை ஆபீஸில் விசாரித்து வைத்தாள். ஆகியிருக்கிறது, வைக்கலாம் என்றார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு பெரிய சலவைக் கம்பெனியின் பிரிக்கெட் வந்திருந்தது. வெறும் மரத்தூள், வேறு கலப்பில்லை. காலையில் உலர்த்தி, பொடித்து, மாத்திரை போட்டு எரித்தாள். எண் வந்தது. கிலோவுக்கு 4,450.

நோட்டில் எழுதப் போனவள் பேனாவை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். 4,450. எங்கேயோ பார்த்த எண். எங்கேயோ என்ன, தினமும் காலையில் கண் விழித்ததும் நினைக்கிற எண் 4,460. லாயிட்டின் மாவுக்கும் இந்த மரத்தூளுக்கும் பத்துதான் வித்தியாசம். பிரிக்கெட்டுக்கு இந்த எண் வருவது அவளுக்குப் புதிதில்லை, வருஷத்துக்கு ஐம்பது தடவை எழுதியிருப்பாள். மாவுக்கு வந்த எண்ணையும் மனப்பாடமாகத் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இரண்டு மாதமாகத் தோன்றவில்லை. அப்படியானால் அவருக்கு இந்த மரத்தூளையே கரைத்து ஊற்றியிருக்கலாமே, கணக்கு சரியாகத்தானே இருந்திருக்கும்?

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மரத்தூளில் பாதி செல்லுலோஸ். செல்லுலோஸும் குளுக்கோஸ் கோத்த சரம்தான், ராகியில் இருக்கிற மாவுச்சத்தும் குளுக்கோஸ் கோத்த சரம்தான். கோத்த விதம்தான் வேறு. பாமுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. கிராமுக்குக் கிராம் இரண்டும் ஒரே சூடு, பதினேழரைக் கிலோ ஜூல். குடலுக்குத் தெரியும். மாவுச்சத்தின் கண்ணியை அறுக்கும், செல்லுலோஸின் கண்ணியில் பல் படாது. அவள் தாராளமாகச் சேர்த்த தவிடும் கடலைத் தோலும் ராகித் தோலும் பாமில் ஜோராக எரிந்து எண்ணைத் தூக்கிக் காட்டிவிட்டு, லாயிட்டின் வயிற்றுக்குள் பெரும்பாலும் வந்த வழியே போய்க்கொண்டிருந்தன. புரதமும் அப்படித்தான். பாம் அதை மிச்சமில்லாமல் எரிக்கும். உடம்பு பாதியில் நிறுத்தி, இன்னும் எரியக்கூடிய யூரியாவாக மூத்திரத்தில் விட்டுவிடும். கீழ்த்தளத்துக்காரர்களின் நாலு, நாலு, ஒன்பது ஜோசியம் அல்ல. உடம்பு விட்டுவிடுவதைக் கழித்த கணக்கு அது. நார்ச்சத்துக்கு இரண்டுக்கு மேல் கொடுக்கமாட்டார்கள்.

ஃபோனை எடுத்து இரண்டு மாதத்துக்கு முந்தைய வாட்ஸ்அப்பைத் திறந்தாள். தாரணி வரிவரியாக எழுதியிருந்தாள். புரதம் பதினாறு, கொழுப்பு ஆறு, மாவுச்சத்து ஐம்பத்திரண்டு, நார்ச்சத்து இருபது. நூறு கிராமுக்கு 366. முந்நூற்று அறுபது கிராமுக்கு 1,318. கடைசியில், “நார் ரொம்ப அதிகம் ஆன்ட்டி, தவிட்டைக் குறைங்க, எண்ணெய் சேர்க்கலாம், கூப்பிடுங்க” என்று ஒரு வரி. நாளொன்றுக்கு இருநூற்றெண்பது கிலோ கலோரி குறை. அறுபது நாளைக்குப் பெருக்கிப் பார்த்தாள். கிட்டத்தட்டப் பதினேழாயிரம், கொழுப்பும் தசையுமாகக் கரைந்தால் மூன்று கிலோவுக்கு வரும். உடம்பு ஒன்றும் விட்டுக்கொடுக்கவில்லை. அது தன் கணக்கைச் சரியாகத்தான் வைத்திருந்தது.

துண்டுத்தாள்காரன் மோலைக் காட்டி ஏமாற்றப் பார்த்தான், அவனைக் கண்டுபிடித்துவிட்டோம் என்கிற மிதப்பில் தன்னைத்தானே கிராமைக் காட்டி ஏமாற்றிக்கொண்டாள். கிராம் கணக்கில் தப்பில்லை. யாருடைய அடுப்பில் அந்தக் கிராம் எரிகிறது என்பதைத்தான் கேட்க மறந்தாள். அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

தாரணியைக் கூப்பிட்டாள். நீ சொன்னதுதான் சரி, நான்தான் எடுத்தெறிந்து பேசிவிட்டேன் என்று சுற்றிவளைக்காமல் சொன்னாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வந்ததாக நினைவில்லை.

“பரவால்ல ஆன்ட்டி. தவிட்டை நிறுத்திடுங்க, கடலையத் தோல் நீக்கிப் போடுங்க. எண்ணெய் இன்னிக்கு ஒரு ஸ்பூன் மட்டும் சேருங்க. ஒரேயடியா ஏத்தாதீங்க, ரொம்ப நாள் குறைச்சுப் போன உடம்பு, மெல்லத்தான் ஏத்தணும். நாளைக்குக் காலைல நானே டாக்டர்கிட்ட பேசிட்டுக் கூப்பிடறேன்.”

பிரிக்கெட் அறிக்கையில் 4,450 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மஞ்சுநாத்திடம் அரைநாள் லீவு சொன்னாள். ஏன் என்று கேட்டவரிடம் வீட்டில் ஒரு சாம்பிளில் தப்பு பண்ணிவிட்டேன் என்றாள். அவருக்குப் புரியவில்லை, போய் வாருங்கள் என்றார். சிவாஜிநகரில் இரண்டாவது பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது கால் கடுத்தது, தலை சுற்றியது. காலையில் எதுவும் சாப்பிடாதது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவளுக்குப் பசித்தது. பசி எப்படி இருக்கும் என்று அவள் யோசித்துப் பார்த்தே எத்தனையோ நாளாகியிருந்தது.

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது எல்லம்மா மூன்று மணிக் கஞ்சியை இறக்கி முடித்துச் சிரிஞ்சைக் கழுவிக்கொண்டிருந்தாள். லாயிட் தலையணையில் சாய்ந்து விழித்திருந்தார். அவர் புத்தியில் குறைவில்லை. கேட்டால் தலையாட்டுவார், இடது கையால் காட்டுவார். வேதநாயகி செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலோரம் உட்கார்ந்தாள். வலிக்கிறதா, குளிர்கிறதா, ஃபேன் போடவா, பக்கம் மாற்றவா என்று இந்தப் பத்து மாதத்தில் எல்லாம் கேட்டிருக்கிறாள். ஒன்றை மட்டும் கேட்டதில்லை. அதற்குத்தான் எண் இருந்ததே.

“ஏங்க, பசிக்குதா உங்களுக்கு?”

அவர் அவளையே பார்த்தார். பிறகு தலையை அசைத்தார், ஆமாம் என்று. கொஞ்சம் நிறுத்தி, கேள்வி சரியாகப் புரிந்துதான் சொல்கிறேன் என்பதுபோல மறுபடியும் அசைத்தார்.

“இவ்வளவு நாளாவா? அப்ப ஏன் எல்லம்மாகிட்டயாவது, எங்கிட்டயாவது காட்டல?”

லாயிட் இடது கையை மெதுவாகத் தூக்கிக் கட்டிலுக்கு எதிர்ச் சுவரைக் காட்டினார். எல்லம்மா அளவு தப்பக்கூடாது என்று வேதநாயகி இரண்டு மாதத்துக்கு முன் ஒட்டிவைத்த தாள் அங்கே இருந்தது. சோதனைக்கூடத்துத் தாளில், அறிக்கை எழுதுகிற அதே சுத்தமான கையெழுத்தில்: ஒரு வேளைக்கு 60 கிராம். ஆறு வேளை. 360 × 4.46 = 1,605. அதற்குக் கீழே கோடு போட்டு, போதும்.

அவர் விரல் அந்தக் கடைசிச் சொல்லைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.